பாடப் பட்டியலின் கடைசிக் கட்டம்

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் கையில் ஒரு தாள் வரும், அல்லது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப். முதல் செமஸ்டரின் பாடங்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பாடத்தின் பெயருக்கும் நேரே L, T, P, C என்று தலைப்பிட்ட கட்டங்களில் சிறிய எண்கள். கணிதத்துக்கு 3, 1, 0, 4. இயற்பியலுக்கு 3, 0, 0, 3. பைத்தான் லேபுக்கு 0, 0, 4, 2. பெரும்பாலான மாணவர்கள் பாடப் பெயர்களை மட்டும் படித்துவிட்டு, புத்தகம் எங்கே கிடைக்கும் என்று சீனியர்களைக் கேட்கப் போய்விடுவார்கள். அந்த எண்களின் நினைவு வருவது முதல் செமஸ்டர் முடிவு வெளியான அன்று, அல்லது மூன்றாம் ஆண்டில் எலெக்டிவ் படிவத்தை நிரப்பும் அன்று. இரண்டுமே கொஞ்சம் தாமதம்தான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையை வைத்து இதை விளக்குகிறேன். 'ரெகுலேஷன்' என்று மாணவர்கள் சொல்வது இந்த விதிமுறையைத்தான். 2013, 2017, 2021 எனச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாறும். நீங்கள் சேர்ந்த ஆண்டில் எது நடப்பில் இருந்ததோ, அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அண்ணனோ அக்காவோ படித்த ரெகுலேஷனை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு அந்தக் கல்லூரியே விதிமுறை வகுத்திருக்கும். எண்கள் மாறினாலும் கணக்கின் போக்கு எல்லா இடத்திலும் ஏறத்தாழ இதுதான்.

L என்பது வாரத்தில் எத்தனை பீரியட் ஆசிரியர் நின்று பாடம் நடத்துவார் என்பது. T என்பது டுடோரியல், அதாவது கணக்குகளை உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் பீரியட். P என்பது லேப் போன்ற செய்முறை பீரியட். இந்த மூன்றிலிருந்து பிறப்பதுதான் கடைசிக் கட்டத்தில் நிற்கும் C, அதாவது கிரெடிட். வாரம் ஒரு பீரியட் பாடம் நடந்தால் ஒரு கிரெடிட். டுடோரியலுக்கும் அப்படியே. லேபுக்கு மட்டும் ஒரு பீரியடுக்கு அரை கிரெடிட். கணிதத்தில் மூன்று பீரியட் பாடமும் ஒரு டுடோரியலும் இருப்பதால் 4 கிரெடிட். பைத்தான் லேபில் நான்கு பீரியட் செய்முறை இருப்பதால் 2 கிரெடிட்.

ஒரு செமஸ்டரில் ஏறத்தாழ 15 வாரம் வகுப்பு நடக்கும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் மொத்தம் 45 பீரியட். உங்கள் சிலபஸில் இயற்பியலைத் திறந்து பாருங்கள். ஐந்து யூனிட் இருக்கும், ஒவ்வொரு யூனிட்டின் தலைப்புக்கு நேரே 9 என்று போட்டிருக்கும், அடியில் மொத்தம் 45 பீரியட் என்று இருக்கும். கணிதத்தில் அதே இடத்தில் 9+3 என்று இருக்கும், மொத்தம் 60. ஒரு யூனிட் முழுவதையும் மூன்றே வகுப்பில் முடித்துவிட்டார்கள் என்றால் எங்கோ அவசரம் நடந்திருக்கிறது என்பதை இந்த எண்ணை வைத்தே நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

லேபுக்கு மட்டும் ஏன் பாதி என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழும். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள்: "சார், லேபுல நாலு பீரியட் நிக்கிறோம், ரெக்கார்டும் எழுதுறோம். ரெண்டு கிரெடிட்தான் தர்றாங்க. தியரியில மூணு பீரியட் உக்காந்தாலே மூணு கிரெடிட். இது நியாயமா சார்?"

"வகுப்புல உக்கார்றதுக்கு மட்டும் அந்த மூணு கிரெடிட் இல்லம்மா" என்றேன். "ஒரு பீரியட் தியரி கேட்டா, வீட்டுக்குப் போய்க் குறைஞ்சது இன்னொரு மணி நேரமாவது படிப்பேன்னு நினைச்சுத்தான் அந்தக் கணக்கைப் போட்டிருக்காங்க. லேப் வேலையில பெரும்பகுதி லேபுக்குள்ளயே முடிஞ்சிடும்."

கிரெடிட் என்ற எண் உங்கள் முழு உழைப்பையும் கணக்கில் வைத்து உருவானது, அட்டவணையில் கண்ணுக்குத் தெரியாத நேரம் உட்பட. முதல் செமஸ்டரில் வாரத்துக்கு 27 பீரியட். அதில் 16 தியரி, 1 டுடோரியல், 10 லேப். கிரெடிட் 22. தியரி, டுடோரியல் பீரியட் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் என்று வைத்தால், அட்டவணைக்கு வெளியே வாரம் 17 மணி நேரம் படித்தாக வேண்டும். தேர்வுக்கு முந்தைய 'ஸ்டடி ஹாலிடேஸ்' நாட்களில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த 17-ஐ 15 வாரத்தால் பெருக்கிப் பார்க்கட்டும். 255 மணி நேரம் வரும்.

நேரத்தால் படிப்பை அளக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை. 1905-ல் அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கி ஓர் அறக்கட்டளை அமைத்தார். எந்தக் கல்லூரி உண்மையில் கல்லூரி, எது உயர்நிலைப் பள்ளிக்குச் சற்று மேலானது என்று பிரித்தறிந்தால்தான் ஓய்வூதியம் தர முடியும். ஆகவே மாணவர்களைச் சேர்க்க இத்தனை 'யூனிட்' பள்ளிப் படிப்பு வேண்டும் என்று கேட்கும் கல்லூரிக்கே பணம் என்று அறக்கட்டளை வரையறுத்தது. ஒரு யூனிட் என்பது ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படிப்பது. 1910-ல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், கல்லூரிகளின் செலவையும் திறனையும் ஒப்பிடுவதற்காக 'மாணவர் மணி' என்ற அளவை முன்வைத்தார். இன்றைய கிரெடிட்டின் வேர்கள் இவை. கார்னகி அறக்கட்டளையே 2015-ல் வெளியிட்ட அறிக்கையில், மாணவர் என்ன கற்றார் என்பதை அளப்பதற்காக இந்த அலகு உருவாக்கப்படவில்லை என்று எழுதியது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் பல பல்கலைக்கழகங்களும் இதை முன்பே எடுத்துக்கொண்டன. 2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விருப்பத் தேர்வுடன் கூடிய கிரெடிட் முறையை வகுத்தது.

இந்தக் கதையிலிருந்து மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. கிரெடிட் உங்கள் அறிவின் அளவு அல்ல, நீங்கள் கடந்த பாடத்தின் பருமன். 50 மதிப்பெண்ணில் தேறினாலும் 98-ல் தேறினாலும் இயற்பியலுக்குக் கிடைப்பது அதே 3 கிரெடிட்தான். எவ்வளவு நன்றாகத் தேறினீர்கள் என்பதைக் கிரேடு சொல்லும். ஓ கிரேடுக்கு 10 புள்ளி, ஏ பிளஸுக்கு 9, ஏ-க்கு 8, பி பிளஸுக்கு 7, பி-க்கு 6, சி-க்கு 5. தேறாவிட்டால் யு, அதற்குப் புள்ளி இல்லை. இந்தப் புள்ளியும் கிரெடிட்டும் சேருமிடம்தான் ஜி.பி.ஏ. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

ஒரு மாணவரின் முதல் செமஸ்டரை வைத்து இதைப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஏ, 3 கிரெடிட், ஆக 24. கணிதத்தில் பி, 4 கிரெடிட், 24. இயற்பியலிலும் வேதியியலிலும் பி பிளஸ், தலா 3 கிரெடிட், தலா 21. பைத்தான் தியரியில் ஏ, 3 கிரெடிட், 24. தமிழர் மரபு என்ற ஒரு கிரெடிட் பாடத்தில் ஓ, 10. பைத்தான் லேபில் ஓ, 2 கிரெடிட், 20. இயற்பியல்–வேதியியல் லேபில் ஏ பிளஸ், 2 கிரெடிட், 18. ஆங்கில லேபில் ஏ பிளஸ், 1 கிரெடிட், 9. மொத்தம் 171. அதை 22-ஆல் வகுத்தால் 7.77.

கிரெடிட்டைப் பார்க்காமல் ஒன்பது பாடங்களின் புள்ளிகளை மட்டும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 8.22 வரும். முடிவு வந்த அன்று மாணவர்கள் மனக்கணக்கில் போடுவது பெரும்பாலும் இதைத்தான். பிறகு மதிப்பெண் பட்டியலில் 7.77-ஐப் பார்த்துவிட்டு, எங்கோ தவறு நடந்துவிட்டது என்று அலுவலகத்துக்கு ஓடுவார்கள். தவறு எதுவும் இல்லை. அவர் ஓ வாங்கியதெல்லாம் ஒன்றும் இரண்டும் கிரெடிட் உள்ள பாடங்களில், பி வாங்கியதோ நான்கு கிரெடிட் உள்ள கணிதத்தில்.

இதே மாணவர் கணிதத்தில் பி-க்குப் பதில் ஏ வாங்கியிருந்தால் கூட்டுத்தொகை 8 ஏறி 179 ஆகும், ஜி.பி.ஏ. 8.14. அதே இரண்டு புள்ளி தமிழர் மரபில் குறைந்து, ஓ-க்குப் பதில் ஏ வந்திருந்தால் கூட்டுத்தொகை 2 மட்டுமே இறங்கும், ஜி.பி.ஏ. 7.68. தமிழர் மரபு எனக்குப் பிடித்த பாடம், அதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் செமஸ்டர் தேர்வுக்கு முன் நான்கு நாள்தான் இருக்கிறது, அதை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால், கணிதத்துக்கு இரண்டு நாளாவது கொடுங்கள் என்பேன். எட்டாம் செமஸ்டருக்கு வரும்போது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையாகும். அங்கே பிராஜெக்ட் ஒன்றுக்கே 10 கிரெடிட், மூன்று தியரி பாடங்களின் கிரெடிட்டைக் கூட்டினாலும் அதைவிடக் குறைவு. அதை ஒப்புக்குச் செய்து முடிப்பவர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்பது கடைசி மதிப்பெண் பட்டியலில்தான் தெரியும்.

மாணவர்களையும் பெற்றோரையும் ஒருசேர ஏமாற்றும் ஓரிடம் இந்தக் கணக்கில் இருக்கிறது. 2021 விதிமுறையில் தேறிய பாடங்களை மட்டும் வைத்தே ஜி.பி.ஏ. போடப்படுகிறது. யு வாங்கிய பாடம் கணக்கில் வராது. மேலே பார்த்த மாணவர் கணிதத்தில் தேறவில்லை என்று வையுங்கள். 171-லிருந்து கணிதத்தின் 24 போய்விடும், 22-லிருந்து 4 கிரெடிட்டும் போய்விடும். மீதி 147-ஐ 18-ஆல் வகுத்தால் 8.17. கணிதத்தில் பி வாங்கித் தேறியபோது 7.77, தேறாதபோது 8.17! ஊருக்கு போன் செய்து, "எட்டு பாயின்ட் வந்திருக்குப்பா" என்று சொன்னால் அது பொய்யுமல்ல, மெய்யுமல்ல. அடுத்த முறை எழுதி சி வாங்கித் தேறினால் 20 சேர்ந்து 167 ஆகும், 22-ஆல் வகுக்க 7.59. அரியரை முடித்த பிறகு சராசரி இறங்கியிருக்கிறதே என்று திகைப்பவர்களுக்கு இதுதான் விளக்கம். ஆகவே ஜி.பி.ஏ.யைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதோடு எத்தனை கிரெடிட் ஈட்டியிருக்கிறோம் என்பதையும் பாருங்கள். முதல் செமஸ்டர் முடிவில் அது 22 ஆக இருக்க வேண்டும். 18 என்று இருந்தால் அந்த 8.17 தற்காலிகமானது. பட்டம் பெற நான்கு ஆண்டுகளில் 160-ஐ ஒட்டிய கிரெடிட் தேவை, துறைக்குத் துறை சற்று மாறும். அந்த மொத்தம் நிறையாமல் சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பட்டம் இல்லை.

கிரெடிட்டே இல்லாத பாடங்களும் உண்டு. மேல் செமஸ்டர்களில் 'மேண்டேட்டரி கோர்ஸ்' என்று இரண்டு வரும், அவற்றின் கடைசிக் கட்டத்தில் 0 என்று இருக்கும். கிரெடிட் இல்லையே என்று வகுப்புக்குப் போகாமல் விட்டால் பட்டம் நிற்கும். சராசரியில் அவற்றுக்கு இடமில்லை, முடித்தாக வேண்டிய பாடங்களின் பட்டியலில் இருக்கிறது.

இனி எலெக்டிவ். முதல் நான்கு செமஸ்டரிலும் என்ன படிப்பது என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துவிடும். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையை எடுத்துக்கொண்டால், ஐந்தாம் செமஸ்டரில்தான் பாடப் பட்டியலில் முதல்முறையாகப் பெயரில்லாத வரிகள் தென்படும். 'புரொஃபஷனல் எலெக்டிவ் 1', 'புரொஃபஷனல் எலெக்டிவ் 2' என்று இருக்கும், எந்தப் பாடம் என்பதை நீங்கள் நிரப்ப வேண்டும். ஆறாம் செமஸ்டரில் அப்படி இன்னும் நான்கு. ஆக ஆறு பாடம், தலா 3 கிரெடிட், மொத்தம் 18. இவை உங்கள் துறைக்குள்ளேயே ஆழம் போக. இவற்றைத் தவிர 'ஓப்பன் எலெக்டிவ்' நான்கு உண்டு. அவற்றை வேறு துறைகள் நடத்தும் பாடங்களிலிருந்து எடுக்க வேண்டும். மேலாண்மைப் பாடம் ஒன்றும் தேர்வுக்கு வரும்.

புரொஃபஷனல் எலெக்டிவ்களை 2021 விதிமுறை 'வெர்ட்டிகல்' என்ற நெடுக்கு வரிசைகளாக அடுக்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் சயன்ஸில் டேட்டா சயன்ஸ் ஒரு வரிசை, ஃபுல் ஸ்டாக் டெவலப்மென்ட் ஒரு வரிசை, கிளவுட் கம்ப்யூட்டிங் ஒரு வரிசை, சைபர் செக்யூரிட்டி ஒரு வரிசை, இப்படி. ஆறையும் ஒரே வரிசையிலிருந்து எடுக்கலாம், பல வரிசைகளிலிருந்து கலந்தும் எடுக்கலாம். ஆனால் கலந்து எடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு குறுக்கே வரும். இந்த வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அட்டவணையில், குறுக்கே ஒரே கோட்டில் இருக்கும் பாடங்களில் ஒன்றை மட்டுமே ஒரு செமஸ்டரில் எடுக்க முடியும். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றை ஐந்தாம் செமஸ்டரிலும் மற்றதை ஆறாம் செமஸ்டரிலும் வைக்க வேண்டும். ஆகவே ஐந்தாம் செமஸ்டர் படிவத்தை நிரப்பும்போதே ஆறாம் செமஸ்டரையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது. 'இப்போதைக்கு ரெண்டு எடுத்துக்குவோம், மீதியை அப்புறம் பாத்துக்கலாம்' என்று போனவர்கள், வேண்டிய இரண்டு பாடங்கள் ஆறாம் செமஸ்டரில் ஒரே கோட்டில் வந்து நிற்பதைப் பார்த்துக் கையைப் பிசைகிறார்கள்.

எலெக்டிவ்களிலும் அந்தக் கடைசிக் கட்டத்தைத் தாண்டி இடப்பக்கம் பாருங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் எலெக்டிவ்களில் பலவும் 2, 0, 2, 3 என்று அமைந்தவை. இரண்டு பீரியட் தியரி, இரண்டு பீரியட் லேப், 3 கிரெடிட். 3, 0, 0, 3 என்ற பாடத்துக்கும் கிரெடிட் அதேதான், ஆனால் இங்கே வாரத்துக்கு நான்கு பீரியட் போகும். மதிப்பீடும் வேறு. முழுத் தியரிப் பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. லேபும் தியரியும் கலந்த பாடத்தில் இரண்டுக்கும் பாதிப் பாதி. செமஸ்டர் முழுக்க ஒழுங்காக லேபில் வேலை செய்யும் மாணவருக்கு இது சாதகம், கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதித் தப்பிக்கிறவருக்கு இல்லை.

பெயரைப் பார்த்துப் பாடத்தை எடுப்பது மிகப் பரவலான பழக்கம். டேட்டா சயன்ஸ் வரிசையில் 'நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங்' என்றொரு பாடம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே வேலை கிடைத்துவிட்டது போலிருக்கும். பாதி வகுப்பு அதை எடுக்கும். மூன்றாவது வாரத்தில் கரும்பலகையில் பகுதி வகையீடுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு நியூரல் நெட்வொர்க் தன் பிழையைக் குறைத்துக்கொள்வது எப்படி என்றால், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு எடையையும் சற்று மாற்றினால் பிழை எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டுத்தான். பல மாறிகளைக் கொண்ட ஒரு சார்பில் ஒன்றை மட்டும் அசைத்துப் பார்க்கும் அந்த வேலைக்குத்தான் பகுதி வகையீடு என்று பெயர். உள்ளே ஓடுவதெல்லாம் அணிகளின் பெருக்கல். இந்த இரண்டும் எங்கே சொல்லிக் கொடுக்கப்படுகின்றன? முதல் செமஸ்டர் கணிதத்தில். அதன் முதல் யூனிட் அணிகள், மூன்றாம் யூனிட் பல மாறிச் சார்புகள். முதல் ஆண்டில், "இதெல்லாம் எதுக்கு சார், நாங்க கோடிங்தானே பண்ணப் போறோம்?" என்று கேட்டு அந்த யூனிட்டை விட்டுவிட்டு மற்றவற்றில் தேறியவர்கள், இரண்டு ஆண்டு கழித்து அதே யூனிட்டை யாரும் கற்பிக்காத நிலையில் எதிர்கொள்கிறார்கள். நான் இதை ஒவ்வொரு முதலாம் ஆண்டு வகுப்பிலும் சொல்கிறேன், ஏனென்றால் எலெக்டிவ் வகுப்பில் திணறுகிற பிள்ளைகளில் பலர் சோம்பேறிகள் அல்ல, அடித்தளம் விட்டுப்போனவர்கள்.

ஆகவே ஒரு எலெக்டிவை எடை போட அதன் பெயர் போதாது. சிலபஸில் அதன் ஐந்து யூனிட்டையும் படியுங்கள். புரியாத சொற்களாக இருக்கும், பரவாயில்லை. அவற்றில் நீங்கள் முன்பே படித்த பாடங்களின் சாயல் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். செய்முறைப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். முந்தைய ஆண்டு அதைப் படித்த சீனியரிடம், "ஈஸியா ஸ்கோர் பண்ணலாமா?" என்று கேட்பதைவிட, "எந்த யூனிட்டுல மாட்டினீங்கக்கா?" என்று கேளுங்கள். பதில் பயனுள்ளதாக இருக்கும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பாடத்திட்டத்தில் நாற்பது, ஐம்பது எலெக்டிவ் அச்சாகியிருக்கும். உங்கள் கல்லூரியில் அவ்வளவும் நடக்காது. ஒரு பாடத்தை நடத்த அதைத் தெரிந்த ஆசிரியர் வேண்டும், போதுமான எண்ணிக்கையில் மாணவர் வேண்டும், கால அட்டவணையில் இடம் வேண்டும். ஆசிரியர் குறைவாக உள்ள கல்லூரிகளில் துறையே இரண்டு பாடங்களை முடிவு செய்து, 'இதைத்தான் எடுக்கணும்' என்று படிவத்தில் எழுதச் சொல்கிறது. விருப்பப் பாடம் என்ற பெயரில் விருப்பமே கேட்கப்படாமல் போவது மாணவருக்கு இழைக்கும் அநீதி என்றுதான் நான் நினைக்கிறேன். எல்லாக் குற்றமும் நிர்வாகத்துடையது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பாடம் வேண்டும் என்று முப்பது பேர் நான்காம் செமஸ்டரின் நடுவிலேயே கையெழுத்திட்டு ஹெச்.ஓ.டி.யிடம் கொடுத்தால், ஆசிரியரை ஏற்பாடு செய்ய அவருக்குக் காலம் இருக்கும். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

கல்லூரியில் நடக்காத பாடத்துக்கு ஸ்வயம் தளத்தில் உள்ள என்.பி.டி.இ.எல். வகுப்புகளை மாற்றாக எடுக்க வழி இருக்கிறது. அதிலும் கிரெடிட் கணக்கு உண்டு. 12 வார வகுப்புக்கு 3 கிரெடிட், 8 வார வகுப்புக்கு 2, 4 வார வகுப்புக்கு 1. எட்டு வார வகுப்பு ஒன்றை அருமையாக முடித்துச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு, 3 கிரெடிட் எலெக்டிவுக்குப் பதிலாக வையுங்கள் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. கற்றது வீணில்லை, ஆனால் அந்த இடம் நிறையாது. எந்த வகுப்பு ஏற்கப்படும் என்று துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். பாடத்திட்டத்தில் ஏற்கனவே இருக்கும் பாடத்தோடு அது பெரும்பகுதி ஒத்துப்போனாலும் ஏற்க மாட்டார்கள்.

கடைசியாக ஆனர்ஸ். வழக்கமான கிரெடிட்டுகளுக்கு மேல், உங்கள் துறையின் ஒரு வெர்ட்டிகலிலிருந்து இன்னும் 18 கிரெடிட், அதாவது ஆறு பாடம் கூடுதலாகப் படித்தால் பட்டத்தில் 'ஆனர்ஸ்' என்று சேரும். வேறு துறையின் வெர்ட்டிகலிலிருந்தோ, பல்கலைக்கழகம் தனியாக வகுத்துள்ள ஃபின்டெக், தொழில்முனைவு போன்ற வரிசைகளிலிருந்தோ 18 எடுத்தால் அது 'மைனர்'. இந்தக் கூடுதல் பாடங்களுக்கான பதிவு ஐந்தாம் செமஸ்டரிலிருந்து தொடங்கும். ஆனர்ஸ் கிடைக்க சி.ஜி.பி.ஏ. குறைந்தது 7.50 வேண்டும், எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். எல்லாப் பாடம் என்பதில் முதல் செமஸ்டர் கணிதமும் வேதியியலும் அடங்கும். நாம் மேலே பார்த்த மாணவர் 7.77-ல் நிற்கும்போது அவருக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. கணிதத்தில் தவறி 8.17 காட்டிய கணத்தில் அது மூடிவிட்டது. பின்னால் எவ்வளவு உயர்ந்தாலும் திறக்காது. ஆனர்ஸ் இல்லாமலும் நல்ல பொறியாளர் ஆகலாம், ஆகியிருக்கிறார்கள். ஆனால் வேண்டும் என்று ஐந்தாம் செமஸ்டரில் ஆசைப்படுகிறவர், முதல் செமஸ்டரிலேயே அது போய்விட்டது என்று அப்போது தெரிந்துகொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த விதி பாடத்திட்டத்தோடு சேர்ந்தே, முதல் நாளிலிருந்து பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறது.

இந்த வாரம் ஒரு மாலையை ஒதுக்கி அந்த பி.டி.எஃப்.ஐ முழுவதும் திறந்து பாருங்கள். முதல் செமஸ்டர் பக்கத்தோடு நிறுத்தாமல் ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் வரை போங்கள், வெர்ட்டிகல் அட்டவணையில் உங்களை ஈர்க்கும் இரண்டு பாடங்களைக் குறியுங்கள். அவற்றின் சிலபஸில் இப்போது உங்கள் வகுப்பில் நடக்கும் எந்தப் பாடத்தின் எந்த யூனிட் தெரிகிறது என்று தேடுங்கள். கிடைத்ததும் அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியரிடம் போய், "இந்த யூனிட் மூணாம் வருஷம் எனக்கு வேணும், கூடுதலா என்ன படிக்கட்டும்?" என்று கேளுங்கள். முதலாம் ஆண்டில் அப்படிக் கேட்டு வருகிற மாணவர் மிகக் குறைவு. கேட்டால் எந்த ஆசிரியரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்.